அட்டியில் குறைந்த எடை: ஈரம் எவ்வளவு, வண்டு எவ்வளவு, கை எவ்வளவு?

கிடங்குக்குள் போன நெல்லும் வெளியே வந்த நெல்லும் ஒரே எடையில் இருப்பதில்லை. குறைந்தது எங்கே போனது, எவ்வளவு குறைந்தால் அதை நியாயமென்று ஏற்கலாம் என்ற கேள்வி அரசுகளைத் தொல்லைப்படுத்தத் தொடங்கி ஈராயிரம் ஆண்டுக்கு மேலாகிறது. அர்த்தசாஸ்திரம் களஞ்சிய அதிகாரிக்கென்றே ஒரு அத்தியாயம் ஒதுக்கி, எந்தத் தானியத்தைக் குத்தினால் எத்தனை பங்கு மிஞ்ச வேண்டும் என்று வரையறுக்கிறது. இன்றைய நுகர்பொருள் வாணிபக் கழகச் சுற்றறிக்கைகளும் அதே கவலையின் தொடர்ச்சிதான்.

கேள்வி எளிமையாகத் தெரிந்தாலும், இதுவரை வந்த பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஒருவர் 10 சதவீதம் என்பார், இன்னொருவர் 1 சதவீதம்கூட இல்லை என்பார். இரண்டும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை, ஏனென்றால் அவர்கள் அளந்தது ஒரே பொருளை அல்ல. எது எதை அளக்கிறது என்பதைப் பிரித்துப் பார்க்க திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் சாலையில் உள்ள கீழ்பென்னாத்தூர் நல்ல இடம். ஏரி, கிணற்றுப் பாசனத்தில் சம்பாவும் நவரையும் விளையும் வட்டாரம் அது. அறுவடைக் காலத்தில் கொள்முதல் நிலையத்திலும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலும் மூட்டைகள் குவியும். லாரி வரும்வரை தார்ப்பாய்க்கடியிலும், பிறகு கிடங்கு அட்டியிலும், கடைசியில் அரவை ஆலையிலுமாக நெல் கைமாறும். ஒவ்வொரு கைமாற்றத்திலும் யாரோ ஒருவர் ஒரு எடையை எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்.

சதவீதம் சொன்னவர்கள்

இந்தியாவில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் கணக்கு 1960-களில் மத்திய அரசு அமைத்த பான்சே குழுவினுடையது. அறுவடைக்குப் பிந்தைய மொத்த இழப்பு 9.33 சதவீதம் என்றும், அதில் 6.58 சதவீதம் சேமிப்பில் மட்டும் என்றும் அக்குழு மதிப்பிட்டது. சேமிப்பு இழப்பை அது மேலும் பிரித்தது: பூச்சிக்கு 2.55, எலிக்கு 2.50, பறவைக்கு 0.85, ஈரத்துக்கு 0.68. பாடநூல்களும் அரசு உரைகளும் இந்த எண்களை ஐம்பது ஆண்டாகச் சுமந்து வருகின்றன.

1975-இல் ஐ.நா. பொதுச்சபையின் சிறப்புக் கூட்டத் தொடர், அறுவடைக்குப் பிந்தைய இழப்பைப் பத்தாண்டில் பாதியாக்க வேண்டும் என்று தீர்மானித்தது. பாதியாக்க முதலில் முழுதும் தெரிய வேண்டும். அந்த நெருக்கடியிலிருந்துதான் 1978-இல் ஹாரிஸ், லிண்ட்பிளாட் இருவரும் தொகுத்த இழப்பு அளவீட்டுக் கையேடு வந்தது. அதுவரை வழங்கிய எண்களில் பல, நேரில் அளந்தவையாக இல்லாமல் அனுபவசாலிகளின் ஊகமாகவே இருந்தன என்பதை அக்காலத்து ஆய்வாளர்களே ஒப்புக்கொண்டார்கள்.

லூதியானாவில் உள்ள மத்திய அறுவடைக்குப் பிந்தைய பொறியியல் நிறுவனம் 2015-இல் வெளியிட்ட நாடுதழுவிய ஆய்வு, நெல்லின் மொத்த இழப்பை 5.53 சதவீதம் என்றது. அறுப்பு, களம், போக்குவரத்து, சேமிப்பு எல்லாம் அடங்கிய எண் அது. ஆக, பழைய சேமிப்பு எண்ணைவிட இதில் மொத்த எண்ணே சிறியது. கிடங்குகள் மேம்பட்டதால் குறைந்ததா, அளக்கும் முறை மாறியதால் குறைந்ததா என்று இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

நாட்டளவிலான சதவீதத்துக்குத் திட்டமிடுவோரிடம் பயன் உண்டு. ஆனால் அது ஒரு குறிப்பிட்ட அட்டியைப் பற்றி எதுவும் சொல்லாது. விவசாயி வீட்டுக் குதிரில் ஆறு மாதம் கிடந்த நெல்லும், கொள்முதல் நிலையத்தில் மூன்று வாரம் கிடந்த நெல்லும் அந்தச் சராசரிக்குள் ஒன்றாகக் கரைந்துவிடுகின்றன. 80 டன்னில் 3 டன் குறைவதை விளக்க வேண்டிய கிடங்குப் பொறுப்பாளருக்கு 5.53 என்ற எண் கவசமாகாது, குற்றச்சாட்டாகவும் ஆகாது.

நீர் இழப்பா, நெல் இழப்பா?

இரண்டாவது நிலைப்பாடு தானியப் பொறியாளர்களுடையது. அவர்கள் வாதம் சுருக்கமானது. நெல்லின் எடையில் ஒரு பங்கு நீர், மீதி உலர்பொருள். நீர் காற்றோடு போவதும் வருவதும் இயற்கை. உலர்பொருள் குறைந்தால் மட்டுமே அதை இழப்பென்று சொல்ல வேண்டும்.

கொள்முதலுக்கு மத்திய அரசு வகுத்த ஈரப்பத வரம்பு 17 சதவீதம். மழை கெடுத்த பருவங்களில் தமிழ்நாடு தளர்வு கேட்டு, டெல்டா நெல்லுக்கு 2022 அக்டோபரில் 19 சதவீதம் வரையும் 2023 பிப்ரவரியில் 20 சதவீதம் வரையும் பெற்றது. ஆனால் சில மாதம் பத்திரமாக இருக்க நெல் 14 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். ஆகவே கொள்முதலான நெல் காய்ந்தே தீரும், காயாவிட்டால் கெடும்.

17 சதவீதத்திலிருந்து 14-க்கு வந்தால் எடை 3 சதவீதம் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் குறைவது அதைவிடச் சற்று அதிகம். 100 கிலோவில் உலர்பொருள் 83 கிலோ. காய்ந்த பிறகும் அதே 83 கிலோதான், ஆனால் இப்போது அது மொத்தத்தில் 86 பங்கு. 83-ஐ 0.86-ஆல் வகுத்தால் 96.51 கிலோ வரும். குறைவு 3.49 சதவீதம். 20-லிருந்து 14-க்கு வந்தால் கிட்டத்தட்ட 7 சதவீதம். ஈர வரம்பைத் தளர்த்தும் ஆணை, குறையப்போகும் எடையையும் சேர்த்தே தளர்த்துகிறது. பதிவேட்டில் அதற்கும் இடம் இருக்கிறதா என்பதுதான் பிரச்சினை.

வடக்கே இது தலைகீழாக நடக்கும். பஞ்சாப் கோதுமை ஏப்ரல் வெயிலில் உலர்ந்தே கிடங்குக்கு வருகிறது, ஜூலை மழைக்காற்றில் ஈரம் இழுத்துக் கனக்கிறது. 10 சதவீத ஈரத்தில் உள்ளே போய் 12-இல் வெளியே வரும் கோதுமை 2.27 சதவீதம் எடை கூடியிருக்க வேண்டும். அதனால்தான் இந்திய உணவுக் கழகம் கோதுமையில் எடை 'லாபம்' காட்டச் சொல்கிறது. எடை 1 சதவீதம் கூடியதென்று ஒரு கிடங்கு மகிழ்ச்சியோடு எழுதினால், அங்கே சுமார் 1.27 சதவீதம் தானியம் காணாமல் போயிருக்கிறது என்று பொருள். கூடுதலாக வந்த ஈரத்துக்குள் வண்டு தின்றதும் வழியில் சிந்தியதும் மறைந்துவிடும்.

உலர்பொருள் வாதத்தின் தர்க்கத்தில் ஓட்டை இல்லை. அதன் பலவீனம் கருவியில் இருக்கிறது. அதைப் பிறகு பார்க்கலாம்.

வண்டின் பங்கு

மூன்றாவது நிலைப்பாடு பூச்சியியலாளர்களுடையது. எடையை மறந்துவிட்டு மணியைப் பாருங்கள் என்பது அவர்கள் வழி. நெல்லைப் பொறுத்தவரை முக்கியமானவை மூன்று: அந்துப்பூச்சி, தானியத் துளைப்பான், அரிசிக் கூன்வண்டு. அந்துப்பூச்சி அட்டியின் மேற்பரப்பிலும் ஓரங்களிலும்தான் பெரும்பாலும் முட்டையிடும். துளைப்பான் உள்ளே போகும், மூட்டையடியில் மாவு கொட்டும். கோடையில் அட்டியின் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டும்போது துளைப்பானின் ஒரு தலைமுறை ஏறக்குறைய ஒரு மாதத்தில் முடிந்துவிடும். மார்ச்சில் கண்ணில் படாதது ஜூனில் மூன்றாம் தலைமுறையாக நிற்கலாம்.

அளக்கும் முறையின் பெயர் 'எண்ணி நிறுத்தல்'. 1978 கையேடு பரப்பிய முறை இது. குத்தூசியால் பல மூட்டைகளிலிருந்து எடுத்த மாதிரியைக் கலந்து, 1,000 மணியை எண்ணி, ஓட்டை விழுந்தவற்றைத் தனியே பிரிப்பார்கள். கணக்குக்காக 940 மணி முழுசு, 60 மணி ஓட்டை என்று கொள்வோம். முழு மணி ஒன்று 22 மில்லிகிராம், ஓட்டை மணி 18. எல்லா மணியும் முழுசாக இருந்திருந்தால் 22 கிராம் நின்றிருக்கும். இப்போது நிற்பது 21.76 கிராம். இழப்பு 1.09 சதவீதம். அதாவது நூற்றுக்கு ஆறு மணியில் ஓட்டை தெரிந்தும் எடையில் போனது நூற்றில் ஒரு பங்குதான். கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது தராசில் சிறியதாகவே இருக்கிறது.

இந்த முறையின் குறைகளைப் பூச்சியியலாளர்களே பட்டியலிட்டுவிட்டார்கள். மணிக்குள் புழு இருந்து இன்னும் வெளிவராவிட்டால் அந்த மணி 'முழுசு' கணக்கில் சேரும். முற்றிலும் மாவாகிப்போன மணி எந்தக் கணக்கிலும் சேராது. வண்டு பெரிய மணிகளைத் தேடித் தின்றிருந்தால் ஓட்டை மணி எடை குறையாததுபோலத் தோன்றும், சில நேரம் இழப்பே எதிர்மறையாக வரும். நெல்லுக்கு உமி வேறு மறைப்பு. உமியை நீக்கிப் பார்த்தால்தான் துளை தெரியும்.

கிடங்கில் யாரும் 1,000 மணி எண்ணிக்கொண்டிருப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே நடப்பது பதினைந்து நாளுக்கொருமுறை ஆய்வு. சலித்த மாதிரியில் உயிரோடு எத்தனை வண்டு என்று பார்த்து, அட்டியை 'இல்லை', 'லேசு', 'கடுமை' என்று வகைப்படுத்துவார்கள். அந்த வகைப்பாடு மருந்தடிக்க வேண்டுமா என்று முடிவெடுக்கப் போதுமானது. 'லேசு' என்றால் மேலே தெளிப்பு, 'கடுமை' என்றால் அட்டியை உறையிட்டு அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை, டன்னுக்கு 3 கிராம் மாத்திரை மூன்று, குறைந்தது ஏழு நாள் மூடல். பதிவேட்டில் தேதியும் மாத்திரை எண்ணிக்கையும் ஏறும். எத்தனை கிலோ போனதென்று மட்டும் ஏறாது. மருந்துப் பதிவேடும் எடைப் பதிவேடும் தனித்தனி நோட்டுகளில், ஒன்றையொன்று பார்க்காமல் இருக்கின்றன.

புகையூட்டலே முழு விடையாகாது என்பதும் புதிதல்ல. 1972-73-இல் உணவு வேளாண் அமைப்பு நடத்திய உலகளாவிய ஆய்வே பாஸ்பீனைத் தாங்கும் வண்டினங்களைக் கண்டுபிடித்தது. உறையில் கசிவு இருந்தாலோ நான்காம் நாளே திறந்துவிட்டாலோ வலுவான வண்டுகள் மட்டும் தப்பிப் பெருகும். பதிவேட்டில் 'புகையூட்டப்பட்டது' என்று இருக்கும், அடுத்த ஆய்வில் 'கடுமை' என்று இருக்கும். இரண்டு வரிக்கும் இடையே எத்தனை நாள் என்று பார்ப்பதே பெரும்பாலும் நல்ல நோய்க்குறி.

எலி பற்றி ஒரு வார்த்தை. ஒரு எலி நாளொன்றுக்கு 20 கிராம் அளவில் தின்னும் என்று கொண்டு பெருக்கினால் பெரிய எண் கிடைக்கும். ஆனால் பெருக்க வேண்டிய எலிகளின் எண்ணிக்கை யாருக்கும் தெரியாது. எலிக் கணக்கு என்று புழங்குவதில் பெரும்பகுதி இப்படி வந்ததுதான்.

கையும் சாக்கும்

கையாளுதலில் போவது மூவகை: கொக்கி குத்திய மூட்டையிலிருந்து ஒழுகுவது, ஏற்றி இறக்கும்போது சிந்துவது, எடை போடும்போதே தவறுவது. முதல் இரண்டும் கண்ணுக்குத் தெரியும். சிந்தல் நெல்லைக் கூட்டி, சலித்து, தனி மூட்டையாக்கி எழுதினால் அதில் பெரும்பகுதி திரும்ப வரும். மூன்றாவது வகையை யாரும் கவனிப்பதில்லை, அதனால் அதில் கொஞ்சம் நிற்கலாம்.

அரசுக் கொள்முதலில் மூட்டை 40 கிலோ நிகர எடை. சாக்கின் எடையைக் கழித்தால்தான் நிகர எடை வரும். இப்போதைய தரமான சணல் சாக்கு 580 கிராம். முந்தைய தரத்தில் 665 கிராம். ஒரே அட்டியில் பழைய சாக்கும் புதிய சாக்கும் கலந்திருப்பது சகஜம். எல்லாவற்றையும் 580 என்று கொண்டு 2,000 மூட்டை நிறுத்தால், உண்மையில் அவை பழைய சாக்காக இருந்தால், 170 கிலோ நெல் காகிதத்தில் பிறந்துவிடும். வெளியே போகும்போது ஆலை தரப்பு சரியாகக் கழித்தால் அந்த 170 கிலோவும் 'இழப்பு' ஆகும். வண்டு, எலி, ஈரம் எதற்கும் இதில் பங்கில்லை. போதாததற்கு சணலே ஈரம் இழுக்கும் பொருள், மழைநாளில் சாக்கும் கனக்கும்.

ஒரு அட்டியின் கணக்கு

இந்த நான்கையும் ஒரே அட்டியில் வைத்துப் பார்க்கலாம். எண்கள் எடுத்துக்காட்டுக்கானவை, ஆனால் வழக்கமான அளவில் உள்ளவை. பிப்ரவரியில் 2,000 மூட்டை, 80,000 கிலோ, ஈரப்பதம் 17 என்று அட்டி அட்டையில் ஏறுகிறது. ஜூனில் அதே மூட்டைகள் ஆலைக்குப் போகின்றன. எடைமேடையில் நிகரம் 76,600 கிலோ, ஈரப்பதம் 14.

பதிவேடு காட்டுவது 3,400 கிலோ குறைவு, 4.25 சதவீதம். உலர்பொருள் கணக்குப்படி 80,000 கிலோ காய்ந்து 77,209 ஆகியிருக்க வேண்டும். எனவே 2,791 கிலோ வெறும் நீர். மீதி 609 கிலோவைத்தான் வண்டும் எலியும் சிந்தலும் சாக்கும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். எண்ணி நிறுத்தல் 0.4 சதவீதம் காட்டினால் வண்டுக்கு சுமார் 310 கிலோ, சாக்குத் தவறுக்கு 170, மீதி 129 கிலோ சிந்தலும் எலியும். கணக்கு அழகாக முடிகிறது.

அழகாக முடிவதே சந்தேகத்துக்கிடம். கையடக்க ஈரமானிகள் அரைப் புள்ளி முன்பின் காட்டுவது சாதாரணம். முன்பு 17 என்று எழுதியது உண்மையில் 16.5 ஆகவும், பின்பு 14 என்றது உண்மையில் 14.5 ஆகவும் இருந்தால், நீரால் போனது 1,871 கிலோ மட்டுமே. விளக்கம் தேட வேண்டிய மீதி 1,529 கிலோவாக உயர்ந்துவிடும். எதிர்ப்பக்கம் தவறினால், அதாவது 17.5-லிருந்து 13.5-க்கு வந்திருந்தால், அட்டி 76,301 கிலோவுக்கு இறங்கியிருக்க வேண்டும். கையில் இருப்பதோ 76,600. கிடங்கில் நெல் விளைந்திருக்கிறது!

ஒரே அட்டி, ஒரே தராசு, ஒரே பொறுப்பாளர். ஈரமானியின் அரைப் புள்ளியை மட்டும் மாற்றினால் அவர் 1,529 கிலோ இழந்தவராகவும் 299 கிலோ மிச்சம் பிடித்தவராகவும் ஆகிவிடுகிறார். மேலே சொன்ன எல்லா நிலைப்பாடுகளும் கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான். தராசுக்கு முத்திரை உண்டு, எடையளவுச் சட்டம் உண்டு. அதே அளவு பணத்தைத் தீர்மானிக்கும் ஈரமானி எப்போது கடைசியாகச் சரிபார்க்கப்பட்டது என்ற கேள்வியைப் பெரும்பாலான பதிவேடுகள் கேட்பதே இல்லை.

அனுமதித்த கழிவு

இந்தச் சிக்கலை நிர்வாகம் வேறு வழியில் கடந்துபோனது. காரணம் தேடாமல் ஒரு வரம்பு வைத்தது. மத்திய அரசின் அரிசி விலைக் கணக்கில் நெல்லுக்கு 1 சதவீதம் உலர்வுக் கழிவு நெடுங்காலம் இருந்து வந்தது. வரம்புக்குள் இருந்தால் கேள்வி இல்லை, தாண்டினால் விளக்கம் கேட்டு ஓலை, பிறகு சம்பளப் பிடித்தம்.

இதன் நன்மை எளிமை. கெடுதல், வரம்பே இலக்காக மாறுவது. குறைவு அரை சதவீதமாக இருந்தாலும் பதிவேட்டில் 1 என்று எழுதும் தூண்டுதல் உண்டு. குறைவு 3.49 என்று இயற்பியலே சொல்லும் இடத்தில் 1-க்குள் காட்ட வேண்டியவர் மீதியை வேறெங்காவது தேடியாக வேண்டும். மூட்டைக்கு ஒன்றிரண்டு கிலோ கூடுதலாகப் பிடிக்கிறார்கள் என்று கொள்முதல் நிலையங்களின்மேல் விவசாயிகள் ஆண்டுதோறும் சொல்லும் புகாருக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் 2,000 மூட்டையில் 2,791 கிலோ என்பது மூட்டைக்கு 1.4 கிலோ. காயும் நீருக்கு யார் பணம் தருவது என்பதை விதி தீர்க்காமல் விட்டால் அது வாசலில் நிற்பவர் தலையில் விழும் என்பதற்கு இந்த ஒற்றுமை வலுவான குறிப்பு. சான்று என்று சொல்லத் துணிய மாட்டேன்.

தீராதவை

வரம்பை ஈரப்புள்ளியோடு கட்டிவிடலாம் என்பது ஒரு யோசனை: உள்ளே வந்த ஈரம், வெளியே போன ஈரம், இரண்டுக்கும் உரிய எடைக் குறைவு தானாகவே அனுமதி. கணக்குப்படி இதுவே சரி, இக்கட்டுரையின் சாய்வும் அந்தப் பக்கம்தான். ஆனால் அப்போது ஈரமானியைப் பிடிப்பவர் கையில் பணம் வந்துவிடும். வாங்கும்போது அரைப் புள்ளி கூட்டி, அனுப்பும்போது அரைப் புள்ளி குறைத்து எழுதினால் மேலே கண்ட அட்டியில் 900 கிலோவுக்கு மேல் சட்டப்படியே 'காய்ந்துவிடும்'. வாங்குபவர், அனுப்புபவர், ஆலைக்காரர் மூவரும் தனித்தனி மானியில் அளந்து ஒரே அட்டையில் எழுதினால் இது குறையலாம். ஒவ்வொரு பருவத்திலும் சில மாதிரிகளை ஆய்வக உலர்கலனில் வைத்து மானியை ஒப்பிட்டால் இன்னும் குறையலாம். லாரிக்குக் காத்து மூட்டைகள் நனையும் ஒரு மே மாதத்தில் கொள்முதல் நிலையத்தின் பட்டியல் எழுத்தருக்கு அதற்கு நேரம் இருக்குமா என்பது வேறு கேள்வி.

வண்டு தின்றதையும் நீர் போனதையும் முழுதாகப் பிரிக்க முடியுமா என்பதும் திறந்தே இருக்கிறது. வண்டு மூச்சுவிடும்போது உலர்பொருள் நீராகவும் வெப்பமாகவும் மாறுகிறது. கடுமையாகப் பிடித்த அட்டியின் நடுவில் ஈரம் ஏறியிருப்பது அதனால்தான். அங்கே குத்திய குத்தூசி 15 காட்டும், ஓரத்தில் குத்தியது 13 காட்டும். எதை அட்டியின் ஈரம் என்று எழுதுவது? எத்தனை மூட்டையில், எந்தெந்த உயரத்தில் குத்த வேண்டும் என்ற விதி காகிதத்தில் இருக்கிறது. பத்தடிக்கு மேல் அடுக்கிய அட்டியில் கை எட்டும் வரிசையில் மட்டும் குத்துவதுதான் வழக்கத்தில் இருக்கிறது.